"இனி வியாழக்கிழமைதான் பேமெண்ட்": சப்ளையர்களுக்குப் போகும் அறிவிப்பைத் திருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கேட்டபோதெல்லாம் சப்ளையருக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டு, இனி வாரத்தில் ஒரே நாளில் அனுப்புவது என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. யாரோ ஒருவர் அவசரமாக ஓர் அறிவிப்பு எழுதி, "கொஞ்சம் பார்த்துச் சரிசெய்து கொடுங்கள்" என்று உங்களிடம் தள்ளிவிட்டார். இந்த வழிகாட்டி அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்கள் உடனே வாக்கியங்களைத் திருத்தத் தொடங்குவார்கள். எழுத்துப்பிழை போகும், மரியாதைச் சொற்கள் கூடும், அறிவிப்பு அழகாகிவிடும். ஆனால் மறுநாள் தொலைபேசி ஓயாது. இவ்வகை அறிவிப்பில் ஓட்டை பெரும்பாலும் மொழியில் இருக்காது, விதியில்தான் இருக்கும். படிக்கிற சப்ளையருக்கு ஒரே கேள்விதான்: என் பில்லுக்கு எந்தத் தேதியில் பணம் வரும்? அதை யாரிடமும் கேட்காமல் அவரே கணக்குப் போட்டுக்கொள்ள முடிந்தால் அறிவிப்பு தேறிவிட்டது.

கீழே இருப்பது நாம் திருத்தப்போகும் வரைவு. இப்படித்தான் பெரும்பாலும் வரும்.

> மதிப்பிற்குரிய சப்ளையர்களுக்கு,
> எங்கள் சேவைத் தரத்தை மேலும் உயர்த்தும் முயற்சியின் ஒரு பகுதியாக, அடுத்த மாதம் முதல் பேமெண்ட் கேட்கும்போது வழங்கப்படாது. வாரம் ஒருமுறை மட்டுமே வழங்கப்படும். அங்கீகரிக்கப்பட்ட பில்கள் மட்டுமே அந்தந்த வாரம் எடுத்துக்கொள்ளப்படும். அவசரத் தேவைகளுக்குக் கணக்குப் பிரிவைத் தொடர்பு கொள்ளவும். சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் ஒத்துழைப்பை வேண்டுகிறோம்.

## 1. திருத்தும் முன் கையில் இருக்க வேண்டியவை

வரைவைத் தொடாதீர்கள். முதலில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் உட்கார்ந்து இந்த ஐந்துக்கும் பதில் வாங்குங்கள்.

- பேமெண்ட் எந்தக் கிழமை? முதல் பேமெண்ட் எந்தத் தேதி?
- இரண்டு பேமெண்ட் நாட்களுக்கு நடுவில் கெடு வரும் பில்லுக்கு முன்னதாகக் கொடுப்பதா, பின்னதாகக் கொடுப்பதா?
- பில் எப்போது வந்தால் எந்த நாளின் பட்டியலில் சேரும்?
- பேமெண்ட் நாள் வங்கி விடுமுறையாக இருந்தால் என்ன செய்வது?
- விதிவிலக்கு யாருக்கு, யார் கையெழுத்தில்?

இந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதி, சொன்னவரிடமே காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பதில் கிடைக்காமல் திருத்த உட்கார்ந்தால், முடிவாகாத விஷயத்தை மழுப்பலான வாக்கியத்தால் மூடத்தான் கை போகும். வரைவில் உள்ள "அந்தந்த வாரம்" அப்படி வந்ததுதான்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். சில சப்ளையர்களின் ஒப்பந்தத்தில் "சரக்கு இறங்கியதும் பணம்" என்றோ "ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி" என்றோ எழுதிக் கையெழுத்தாகியிருக்கும். ஓர் அறிவிப்பு அனுப்பி அதை மாற்றிவிட முடியாது, அவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர்களைத் தனியாக எடுத்துவையுங்கள். அவர்களுக்குப் பொது அறிவிப்பு போகக் கூடாது. முதலில் பேச வேண்டும், பிறகு தனிக் கடிதம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை பேமெண்ட். முதல் பேமெண்ட் 2026 ஜூலை 2. சப்ளையர்களின் கெடு, பில் தேதியிலிருந்து 30 நாள். பில்லைச் சரிபார்க்க 5 வேலை நாள் ஆகும்.

## 2. நடுவில் விழும் கெடுவுக்கு விதி எழுதுங்கள்

இதுதான் அறிவிப்பின் உயிர்நாடி. பெரும்பாலான வரைவுகளில் இது இருப்பதே இல்லை.

ஜூன் 10 தேதியிட்ட பில் ஒன்று. 30 நாள் கெடு ஜூலை 10இல் முடிகிறது, அது வெள்ளிக்கிழமை. பேமெண்ட் நாட்கள் ஜூலை 9, ஜூலை 16. பணம் எப்போது போகும்? 9ஆம் தேதி என்றால் ஒரு நாள் முன்னதாகப் போகிறது. 16ஆம் தேதி என்றால் ஆறு நாள் தாமதம். "வாரம் ஒருமுறை வழங்கப்படும்" என்ற வாக்கியத்தில் இரண்டும் அடங்கும். அதனால் கணக்குப் பிரிவு ஒன்றை நினைத்திருக்கும், சப்ளையர் இன்னொன்றை நினைத்திருப்பார்.

கெடு நாட்கள் வாரம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால், பின்னதாகக் கொடுக்கும் விதியில் சராசரியாக 3 நாள் தாமதமாகும், வெள்ளிக்கிழமைக் கெடுவுக்கு 6 நாள். முன்னதாகக் கொடுக்கும் விதியில் அதே சராசரி 3 நாள் நிறுவனத்தின் பணம் சீக்கிரம் வெளியேறும். ஆக, யாரோ ஒரு தரப்பு மூன்று நாளைத் தாங்க வேண்டும். அது யார் என்று முடிவு செய்ய வேண்டியது நிர்வாகம். அந்த முடிவைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது அறிவிப்பு.

என் பரிந்துரை முன்னதாகக் கொடுப்பதுதான். பின்னதாகக் கொடுத்தால், கையெழுத்துப் போட்ட கெடுவை ஒவ்வொரு வாரமும் நாமே மீறுகிறோம். தாமத வட்டி கேட்க ஒப்பந்தமோ சட்டமோ இடம் கொடுக்கும் இடங்களில் அது செலவாகவும் வந்து நிற்கும். அதோடு, "கெடு மாறவில்லை" என்ற வாக்கியத்தை அறிவிப்பில் நேர்மையாக எழுத முன்னதாகக் கொடுக்கும் விதியில் மட்டும்தான் முடியும். சப்ளையரைச் சமாதானப்படுத்தும் வாக்கியமே அதுதான்.

கணக்கு மென்பொருள்களிலும் இதற்கு வழி உண்டு. எஸ்.ஏ.பி.யில் `F110` திரையில் பேமெண்ட் ரன், அதாவது பல பில்களுக்கு ஒரே முறையில் பணம் அனுப்பும் ஓட்டம், போடும்போது `Next p/date` என்ற கட்டத்தில் அடுத்த ரன்னின் தேதியைக் கேட்கும். அதைப் பார்த்துத்தான், அடுத்த ரன் வரை விட்டால் கெடு தாண்டிவிடும் பில்களை இந்த ரன்னிலேயே எடுக்கும். அதனால் விதியை எழுதும் முன், மென்பொருளை இயக்குபவரிடம் அந்தக் கட்டத்தில் என்ன கொடுக்கிறார் என்று கேளுங்கள். அறிவிப்பு ஒன்று சொல்லி மென்பொருள் வேறு செய்தால், முதல் வாரமே நம் வார்த்தை பொய்யாகிவிடும்.

விதியை இப்படி எழுதலாம்: "ஒவ்வொரு வியாழக்கிழமையும், அன்று தொடங்கி அடுத்து வரும் புதன்கிழமை வரை கெடு முடியும் பில்களுக்குப் பணம் அனுப்புவோம்." வியாழன் முதல் புதன் வரை ஏழு நாளும் அடங்கிவிட்டன. எந்தக் கெடுவும் வெளியே நிற்காது.

பத்து நாளுக்குள் கொடுத்தால் 2 சதவீதத் தள்ளுபடி என்பது போன்ற ஏற்பாடு உள்ள சப்ளையர்கள் இருந்தால், தள்ளுபடிக்கான கடைசி நாளையும் இதே விதியில் அடக்குங்கள். இல்லையென்றால் பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை விழும்போதெல்லாம் தள்ளுபடியை நாமே விட்டுவிடுவோம்.

## 3. கட்-ஆஃப்: சப்ளையருக்குத் தெரிந்த நாளைச் சொல்லுங்கள்

வரைவில் "அங்கீகரிக்கப்பட்ட பில்கள் மட்டுமே" என்று இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு இது தெளிவான வாக்கியம். சப்ளையருக்கோ இது மூடிய கதவு. தன் பில் எப்போது அங்கீகாரம் பெற்றது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பில்லை அனுப்பிய நாள் தெரியும், அது வந்து சேர்ந்ததற்கு நம்மிடமிருந்து போன ரசீது மின்னஞ்சல் தெரியும். கட்-ஆஃபை, அதாவது பில் வந்து சேர வேண்டிய கடைசி நேரத்தை, அந்த நாளை வைத்துச் சொல்ல வேண்டும்.

பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். வியாழன் பணம் போக வேண்டும். இரண்டு பேர் கையெழுத்திட்டு வங்கிக்கு அனுப்ப நேரம் வேண்டும், எனவே பட்டியலைப் புதன்கிழமை காலை மூட வேண்டும். சரிபார்க்க 5 வேலை நாள். அப்படியானால் முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்குள் பில் வந்திருக்க வேண்டும். ஜூலை 9 பேமெண்டுக்கு எடுத்துப் பார்ப்போம்: ஜூன் 30 செவ்வாய் மாலைக்குள் வந்தால், ஜூலை 1, 2, 3, 6, 7 என்று ஐந்து வேலை நாள் கிடைக்கிறது. 8ஆம் தேதி புதன் காலை பட்டியல் தயார்.

இந்தக் கணக்கில் நமக்கும் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. பில் நேரத்துக்கு வந்தும் நம்மால் ஐந்து நாளில் சரிபார்க்க முடியவில்லை என்றால், அந்தத் தாமதத்தைச் சப்ளையர் தலையில் கட்டக் கூடாது. "நேரத்துக்கு வந்த பில் எங்கள் தாமதத்தால் விடுபட்டால், அடுத்த வியாழன் வரை காக்காமல் தனியாக அனுப்புவோம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நிர்வாகத்திடம் வாதாடுங்கள். கேட்டபோது பணம் பெறும் வசதியை அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். பதிலுக்கு இந்த உறுதியாவது தர வேண்டும்.

எந்தக் குறை இருந்தால் பில் திரும்பும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாமை, பில்லில் உள்ள அளவும் நாம் பெற்றுக்கொண்ட சரக்கின் அளவும் பொருந்தாமை, விலை வேறுபாடு: பெரும்பாலும் இந்த மூன்றுதான். நீளமான பட்டியல் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். திருப்பிய பில்லைத் திருத்தி அனுப்பினால், திருத்தியது வந்த நாளே கணக்கில் எடுக்கப்படும் என்பதையும் எழுதுங்கள்.

## 4. "அடுத்த வியாழன்" வேண்டாம், தேதி போடுங்கள்

திங்கட்கிழமை ஒருவர் "அடுத்த வியாழன்" என்றால் மூன்று நாள் கழித்து என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள், பத்து நாள் கழித்து என்று சிலர். "வருகிற வியாழன்", "இந்த வாரம்", "மாத முதல் வாரம்" எல்லாவற்றிலும் இதே சிக்கல் உண்டு. வரைவில் உள்ள "அடுத்த மாதம் முதல்" இன்னும் மோசம். கடிதம் மாதக் கடைசியில் எழுதப்பட்டு, புது மாதம் பிறந்த பிறகு படிக்கப்பட்டால் ஒரு மாதமே நகர்ந்துவிடும்.

எனவே கிழமையும் தேதியும் சேர்த்தே எழுதுங்கள்: "2026 ஜூலை 2, வியாழக்கிழமை". கிழமை தவறாக இருந்தால் தேதி காட்டிக்கொடுக்கும், தேதி தவறாக இருந்தால் கிழமை காட்டிக்கொடுக்கும். அனுப்பும் முன் ஒவ்வொரு தேதியையும் நாள்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் நான்கு வாரங்களுக்குச் சிறிய அட்டவணை ஒன்று வைத்தால் விதியைப் புரிந்துகொள்ளாதவரும் தன் தேதியைக் கண்டுபிடித்துவிடுவார்.

| பேமெண்ட் நாள் (வியாழன்) | பில் வந்து சேர வேண்டிய கடைசி நாள் (செவ்வாய், மாலை 5) | எந்தக் கெடு நாட்களுக்கு |
|---|---|---|
| ஜூலை 2 | ஜூன் 23 | ஜூலை 2 – 8 |
| ஜூலை 9 | ஜூன் 30 | ஜூலை 9 – 15 |
| ஜூலை 16 | ஜூலை 7 | ஜூலை 16 – 22 |
| ஜூலை 23 | ஜூலை 14 | ஜூலை 23 – 29 |

"பணம் வழங்கப்படும்" என்பதிலும் ஒரு தடுமாற்றம் இருக்கிறது. நாம் வங்கிக்கு உத்தரவு கொடுக்கும் நாளும் அவர் கணக்கில் பணம் ஏறும் நாளும் ஒன்றாக இல்லாமல் போகலாம். நம் கையில் இருப்பது அனுப்புவது மட்டும்தான். எனவே "வியாழக்கிழமை எங்கள் வங்கியிலிருந்து அனுப்புவோம்" என்று எழுதி, சேர வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்கள் வங்கியைக் கேட்டு அதையும் சேருங்கள். வெளிநாட்டுச் சப்ளையர்களுக்கு அது வேறாக இருக்கும், ஒரு வரி தனியாகக் கொடுங்கள்.

விடுமுறைக்கு ஒரே வாக்கியம் போதும்: பேமெண்ட் நாள் வங்கி விடுமுறையானால் முந்தைய வேலை நாளில் அனுப்புவோம். அடுத்த வேலை நாள் என்று வைத்தால் வியாழக்கிழமையே கெடு உள்ள பில்கள் தாமதமாகிவிடும். முன்பு சொன்ன "கெடு மாறவில்லை" என்ற வாக்கும் உடையும்.

## 5. மாறுகிற வாரத்தைத் தனியாக எழுதுங்கள்

புதிய முறை எப்படி இருக்கும் என்று எழுதிவிட்டு, பழைய முறையிலிருந்து அதற்கு எப்படி வந்து சேர்வது என்பதை விட்டுவிடுவார்கள். முதல் வாரச் சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன. "போன வாரம் கேட்டேன், திங்கட்கிழமை தருகிறோம் என்றார்களே" என்று ஒருவர் வருவார். அவருக்கு அறிவிப்பில் பதில் இருக்க வேண்டும்.

மூன்று தேதிகள் தேவை. கேட்டவுடன் அனுப்பும் கடைசி நாள்: ஜூன் 26, வெள்ளி. முதல் வாரப் பேமெண்ட்: ஜூலை 2, வியாழன். இரண்டுக்கும் நடுவில் கெடு வரும் பில்கள், அதாவது ஜூலை 1 வரை கெடு உள்ளவை, எப்போது தீர்க்கப்படும்: ஜூன் 26க்குள். ஏற்கெனவே கெடு தாண்டிய பாக்கி இருந்தால் அதையும் அதற்குள் தீர்த்துவிட வேண்டும். பழைய பாக்கியை வைத்துக்கொண்டு புதிய முறையை அறிவித்தால், கையில் பணமில்லாமல் இழுத்தடிக்கிறார்கள் என்றுதான் சப்ளையர் நினைப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அறிவிப்பு எப்போது போக வேண்டும்? குறைந்தது ஒரு கெடுக் காலம் முன்னால். 30 நாள் கெடு உள்ள சப்ளையர், ஜூலையில் வரவேண்டிய பணத்தை வைத்து ஜூன் தொடக்கத்திலேயே தன் செலவுகளைத் திட்டமிட்டிருப்பார். எனவே ஜூன் 1 அன்று அனுப்பினால் நியாயம்.

## 6. விதிவிலக்கை இறுக்கமாக எழுதுங்கள்

"அவசரத் தேவைகளுக்குக் கணக்குப் பிரிவைத் தொடர்பு கொள்ளவும்." அன்பாகத் தோன்றும் இந்த வரி மொத்த ஏற்பாட்டையும் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும். பணம் வேண்டியவருக்கு எல்லாமே அவசரம்தான். சத்தமாகப் பேசுபவருக்கு உடனே கிடைக்கும், பொறுமையாக இருப்பவர் வியாழனுக்குக் காத்திருப்பார். இது இரண்டாவது வாரமே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

அதற்காக விதிவிலக்கே இல்லை என்று எழுதுவதும் உண்மையாக இருக்காது. உண்மையில் வரக்கூடியவற்றை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள்: பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒப்புக்கொண்ட முன்பணம், வேறு தேதியை எழுத்தில் வைத்திருக்கும் ஒப்பந்தம், எங்கள் தவறால் விடுபட்ட பில். கோரிக்கை எழுத்தில் வர வேண்டும், முடிவெடுப்பவர் இந்தப் பொறுப்பில் இருப்பவர், பதில் இத்தனை நாளில் என்பதையும் சேருங்கள். பொறுப்பின் பெயரைப் போடுங்கள், ஆள் பெயர் வேண்டாம். ஆள் மாறினாலும் அறிவிப்பு செல்லுபடியாக வேண்டும்.

சிறிய சப்ளையர்கள் சிலர் நம் பணத்தை நம்பியே அடுத்த சரக்கை வாங்குவார்கள். அவர்களுக்கு விதிவிலக்கு தேவையென்றால் அதை அறிவிப்பில் ஒளித்துவைக்காதீர்கள். அனுப்பும் முன் தொலைபேசியில் பேசி, தேவைப்பட்டால் அவர்களின் கெடு நாட்களையே குறைத்துக் கொடுங்கள். கெடு 30 நாளிலிருந்து 15 நாளானாலும் பேமெண்ட் வியாழக்கிழமைதான். முறையும் கெடாது, அவருக்கும் பணம் சீக்கிரம் கிடைக்கும்.

## 7. இப்போது மொழிக்கு வாருங்கள்

விதிகள் முடிவான பிறகுதான் சொற்களைத் தொட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், நாளைக்கு நீக்கப்போகும் வாக்கியத்தை இன்று அழகாக்கிக்கொண்டிருப்பீர்கள்.

"சேவைத் தரத்தை மேலும் உயர்த்தும் முயற்சி" போக வேண்டும். இந்த மாற்றம் முதலில் நிறுவனத்தின் வசதிக்காக என்று சப்ளையருக்குத் தெரியும். அவர் நலனுக்காக என்று எழுதினால் மீதியையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். உண்மைக் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: ஒவ்வொரு நாளும் தனித்தனியாகப் பணம் அனுப்பும்போது சரிபார்ப்பு தடைபடுகிறது, ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போகும் ஆபத்தும் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் காரணம் வேறென்றால் அதை எழுதுங்கள்.

"வழங்கப்படாது", "மட்டுமே வழங்கப்படும்", "மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும்" என்று வரைவு முழுக்க மறுப்பு. யார் செய்கிறார்கள் என்பதும் இல்லை. "அனுப்புவோம்", "சரிபார்ப்போம்", "தெரிவிப்போம்" என்று மாற்றுங்கள். பொறுப்பு யாருடையது என்று வாக்கியத்திலேயே தெரியும், வாக்கியமும் சுருங்கும்.

ஒரு பொருளுக்கு ஒரே சொல். பில், இன்வாய்ஸ், விலைப்பட்டியல் என்று மாற்றி மாற்றி எழுதினால் மூன்றும் வேறோ என்று ஒருவராவது கேட்பார். "பேமெண்ட் நாள்", "கெடு நாள்" இரண்டும் எந்த இடத்திலும் கலந்துவிடக் கூடாது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். "பேமெண்ட் தேதி மாறுகிறது" என்று தலைப்புப் போட்டால், கெடுவே மாறிவிட்டது என்று பாதிப்பேர் படிப்பார்கள். அதனால் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே மாறாதது எது என்று சொல்லிவிடுங்கள்.

"சிரமத்திற்கு வருந்துகிறோம்", "ஒத்துழைப்பை வேண்டுகிறோம்" இரண்டையும் நீக்கலாம். என்ன சிரமம் என்று சொல்லாத வருத்தம் யாருக்கும் பயன்படாது. அந்த இடத்தில் கேள்விக்கு யாரைக் கேட்பது என்பதை எழுதுங்கள்.

## 8. மோசடிக்கு இடம் கொடுக்காத வரி

பேமெண்ட் முறை மாறுகிறது என்ற செய்தி மோசடிக்காரர்களுக்கு நல்ல வாய்ப்பு. "புதிய முறைக்காக உங்கள் வங்கி விவரத்தை இந்த இணைப்பில் பதியுங்கள்" என்று நம் பெயரில் சப்ளையருக்கு அனுப்புவார்கள். அல்லது சப்ளையர் பெயரில், "புதிய முறைக்கு இந்தக் கணக்கைப் பயன்படுத்துங்கள்" என்று நமக்கு எழுதுவார்கள்.

எனவே அறிவிப்பில் இணைப்பு எதுவும் வைக்காதீர்கள். இந்த மாற்றத்துக்காக வங்கி விவரம் கேட்கமாட்டோம் என்று நேரடியாக எழுதுங்கள். யாராவது கணக்கை மாற்றச் சொன்னால், ஏற்கெனவே நம்மிடம் பதிவில் உள்ள எண்ணுக்கு அழைத்து உறுதி செய்த பிறகே மாற்றுவோம் என்றும் சொல்லுங்கள். வந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அழைத்தால் மோசடிக்காரரே எடுத்து "ஆமாம்" என்பார்.

## 9. திருத்திய அறிவிப்பு

> தேதி: 2026 ஜூன் 1
> பொருள்: ஜூலை 2 முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் பேமெண்ட், உங்கள் கெடு நாட்களில் மாற்றம் இல்லை
>
> வணக்கம்.
>
> 2026 ஜூலை 2, வியாழக்கிழமை முதல், சப்ளையர்களுக்கான பணத்தை வாரம்தோறும் வியாழக்கிழமை அனுப்புவோம். கேட்கும் நாளில் தனியாக அனுப்பும் முறை ஜூன் 26, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. உங்களோடு ஒப்புக்கொண்ட கெடு நாட்கள் அப்படியே இருக்கும்.
>
> எந்த வியாழன்? ஒவ்வொரு வியாழக்கிழமையும், அன்று தொடங்கி அடுத்து வரும் புதன்கிழமை வரை கெடு முடியும் பில்களுக்குப் பணம் அனுப்புவோம். உதாரணமாக, ஜூலை 10இல் கெடு முடியும் பில்லுக்கு ஜூலை 9 அன்று பணம் போகும். முதல் நான்கு வார அட்டவணை கீழே உள்ளது.
>
> பில் எப்போது வர வேண்டும்? பேமெண்ட் நாளுக்கு முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்குள். பிறகு வந்தால் அதற்கடுத்த வியாழக்கிழமைப் பட்டியலில் சேரும். பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாவிட்டாலோ, அளவோ விலையோ பொருந்தாவிட்டாலோ 5 வேலை நாளுக்குள் தெரிவிப்போம். திருத்திய பில் வந்த நாளே கணக்கில் எடுக்கப்படும். நேரத்துக்கு வந்த சரியான பில் எங்கள் தாமதத்தால் விடுபட்டால், அடுத்த வியாழன் வரை காக்காமல் அனுப்புவோம்.
>
> விடுமுறை: வியாழக்கிழமை வங்கி விடுமுறையானால் முந்தைய வேலை நாளில் அனுப்புவோம்.
>
> மாறும் வாரம்: ஜூலை 1 வரை கெடு உள்ள பில்களையும் பழைய பாக்கிகளையும் ஜூன் 26க்குள் தீர்த்துவிடுவோம்.
>
> வேறு நாளில் பணம்: எங்கள் தாமதத்தால் விடுபட்ட பில்லைத் தவிர, பர்ச்சேஸ் ஆர்டரில் ஒப்புக்கொண்ட முன்பணத்துக்கும், வேறு தேதி குறித்த ஒப்பந்தங்களுக்கும் மட்டும். நிதி மேலாளருக்கு எழுத்தில் அனுப்பினால் 2 வேலை நாளில் பதில் தருவோம்.
>
> ஏன் இந்த மாற்றம்? தினமும் தனித்தனியாகப் பணம் அனுப்புவதால் பில் சரிபார்ப்பு தடைபடுகிறது, ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போகும் ஆபத்தும் இருக்கிறது.
>
> இந்த மாற்றத்துக்காக உங்கள் வங்கி விவரத்தைக் கேட்கமாட்டோம். அப்படிக் கேட்டு ஏதாவது வந்தால் பதில் அனுப்பாமல், நீங்கள் வழக்கமாகப் பேசும் எண்ணில் எங்களை அழையுங்கள்.

4ஆம் பகுதியில் உள்ள அட்டவணையை இதன் கீழே சேருங்கள். காரணம் தேதிகளுக்கும் விதிகளுக்கும் பிறகு இருப்பதைக் கவனியுங்கள். தன் தேதி தெரிந்த பிறகுதான் ஒருவருக்கு ஏன் என்று கேட்கப் பொறுமை வரும். முதலில் வைத்தால் தேதியைத் தேடி அதைத் தாண்டிப் போவார்.

## 10. மூன்று பில் வைத்துச் சோதியுங்கள்

இந்த வேலையில் எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரிடம் அறிவிப்பையும் மூன்று பில்களையும் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பணம் எந்தத் தேதி என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கக் கூடாது.

முதல் பில்: ஜூன் 10 தேதியிட்டது, 12ஆம் தேதி வந்தது, கெடு ஜூலை 10. விடை ஜூலை 9.

இரண்டாவது: கெடு ஜூலை 15. ஆனால் பில் வந்தது ஜூலை 1, புதன். ஜூன் 30 கட்-ஆஃப் தாண்டிவிட்டது, எனவே ஜூலை 16. கெடுவுக்கு ஒரு நாள் தாமதம்தான், ஆனால் காரணம் பில் பிந்தி வந்தது.

மூன்றாவது: கெடு ஜூலை 13. பில் நேரத்துக்கு வந்தது, ஆனால் ஆர்டர் எண் இல்லை. திருப்பினோம், திருத்தியது ஜூலை 3 வெள்ளியன்று வந்தது. 9ஆம் தேதிப் பட்டியலுக்குப் பிந்திவிட்டது, 16ஆம் தேதிப் பட்டியலின் கட்-ஆஃப் ஜூலை 7 என்பதால் அதில் சேரும். விடை ஜூலை 16.

இரண்டாவது தவறினால் கட்-ஆஃப் வாக்கியத்தில் குறை. மூன்றாவது தவறினால் திருத்திய பில் பற்றிய வாக்கியத்தில் குறை. சோதித்தவருக்கு விளக்கம் சொல்லிப் புரியவைத்துவிட்டு விடாதீர்கள், வாக்கியத்தைத் திருத்துங்கள். வெளியே படிக்கிறவர் பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

## 11. அனுப்பும் வரிசை

முதலில் உள்ளே. கொள்முதல் பிரிவு, சரக்கு வாங்கிவைக்கும் இடம், தொலைபேசி எடுப்பவர்கள் எல்லோரும் சப்ளையருக்கு முன்பே படித்திருக்க வேண்டும். சப்ளையர் முதலில் அழைப்பது தனக்குத் தெரிந்த கொள்முதல்காரரைத்தான். அவர் "எனக்குத் தெரியாதே, நான் பேசி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டால் அன்றோடு இந்த முறை முடிந்தது.

அடுத்து, ஒப்பந்தத்தில் வேறு தேதி உள்ளவர்களோடும் நம்மை அதிகம் நம்பியிருப்பவர்களோடும் பேச்சு. அதன் பிறகே பொது அறிவிப்பு, வழக்கமாக நீங்கள் எழுதும் மின்னஞ்சல் முகவரியிலிருந்து. புது முகவரியிலிருந்து போனால் மோசடி என்று ஒதுக்குவார்கள், அப்படி ஒதுக்குவது சரியும்கூட. பில்களை அனுப்புபவருக்கும் அவர்கள் கணக்கைப் பார்ப்பவருக்கும் சேர்த்து அனுப்புங்கள், பல இடங்களில் அது இரண்டு ஆட்கள்.

ஜூன் 22, திங்கட்கிழமை, ஒரு சிறு நினைவூட்டல் போதும். முதல் பேமெண்டுக்கான கட்-ஆஃப் மறுநாள் என்பதால் அந்தத் தேதி. அதில் அட்டவணையை மட்டும் வையுங்கள்.

வருகிற கேள்விகளை ஜூலை முழுக்க ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால், அதற்கான வாக்கியத்தைத் திருத்தி, ஆகஸ்ட் மாத அட்டவணையோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.